காரணியா, சூத்திரமா, கூடுதல்–பெருக்கற்பலனா? இருபடிச் சமன்பாட்டில் எதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பது?

மீனா_தேனி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இருபடிச் சமன்பாட்டில் மூன்று வழிகளும் அவளுக்குத் தெரியும். பயிற்சியில் "காரணிப்படுத்தித் தீர்க்க" என்றோ "சூத்திர முறையில் தீர்க்க" என்றோ எழுதியிருப்பதால் அங்கே சிக்கல் வருவதில்லை. தேர்வில் வழியைச் சொல்லாமல் கேட்டால்தான் தடுமாறுகிறாள்.

போன வாரம் வகுப்புத் தேர்வில் வந்த கணக்கு இது: 3x² − 7x + 1 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் α, β எனில் α/β + β/α இன் மதிப்பைக் காண்க. முதலில் நடு உறுப்பைப் பிரிக்கப் பார்த்திருக்கிறாள். பெருக்கினால் 3, கூட்டினால் −7 வரும் எண்கள் கிடைக்கவில்லை. பிறகு சூத்திரத்துக்குப் போய் √37 வந்து, (7 + √37)/(7 − √37) என்று ஒரு பின்னம் வரை எழுதியிருக்கிறாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

கேள்வியைப் பார்த்தவுடன் எந்த வழி என்று முடிவு செய்ய ஏதாவது அடையாளம் இருக்கிறதா?

சூத்திரமே_துணை

அம்மா, குழப்பமே வேண்டாம். சூத்திரம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரணி சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. சூத்திரம் எல்லாச் சமன்பாட்டுக்கும் விடை தரும். நான் பள்ளியில் தொடங்கிப் பொறியியல் முடிக்கும் வரை அதை வைத்தே ஓட்டினேன்.

உங்கள் மகள் நின்ற இடத்திலிருந்து இரண்டே வரிதான் மீதம். இரண்டு பின்னங்களையும் கூட்டினால் மேலே (7 + √37)² + (7 − √37)², கீழே 49 − 37. மேலே இருப்பது 2(49 + 37) = 172, கீழே 12. விடை 43/3. வழி தவறில்லை, வேகம்தான் போதவில்லை.

பழைய_வாத்தியார்

சூத்திரமே துணை அவர்களின் விடை சரி. ஆனால் அந்த √37 எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பாருங்கள். சூத்திரம் அதைக் கொண்டுவந்தது. கூட்டும்போது அதுவே அடிபட்டுப் போனது. விடையில் இல்லாத ஒன்றைப் பக்கம் முழுக்கச் சுமந்திருக்கிறோம்.

மீனா அம்மா, உங்கள் மகள் முதலில் பார்க்க வேண்டியது சமன்பாட்டை அல்ல, கேள்வியின் கடைசி வரியை. மூலங்களைக் கேட்கிறார்களா, மூலங்களை வைத்து அமைத்த ஒரு கோவையின் மதிப்பைக் கேட்கிறார்களா? மூலங்களையே கேட்டால் காரணியோ சூத்திரமோ வேண்டும். கோவையின் மதிப்பைக் கேட்டால் ஒரு சிறு சோதனை: α இருக்கும் இடத்தில் β, β இருக்கும் இடத்தில் α என்று மாற்றி எழுதிப் பாருங்கள். கோவை மாறாமல் அப்படியே இருந்தால் மூலங்களைக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. அந்தக் கோவையை α + β, αβ இரண்டை மட்டும் வைத்து எழுதிவிட முடியும்.

α/β + β/α ஐ மாற்றினால் β/α + α/β. அதேதான். ஆகவே:

α + β = 7/3, αβ = 1/3
α/β + β/α = (α² + β²)/αβ
α² + β² = (7/3)² − 2(1/3) = 49/9 − 6/9 = 43/9
விடை = (43/9) ÷ (1/3) = 43/3

நான்கு வரி. பிழை வரக்கூடிய இடம் இரண்டு. ஒன்று, கூடுதல் −b/a என்பதால் −7 இன் குறி மாறி +7/3 ஆக வேண்டும்; பெருக்கற்பலன் c/a, அதில் குறி மாறாது. என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டிலும் குறியை மாற்றுவார்கள் அல்லது இரண்டிலும் மாற்றாமல் விடுவார்கள். மற்றொன்று, a ஆல் வகுக்க மறப்பது. x² இன் கெழு 1 ஆக உள்ள கணக்குகளையே போட்டுப் பழகியவர்களுக்கு அது கண்டிப்பாக வரும்.

மீனா_தேனி

மிக்க நன்றி ஐயா. இடம் மாற்றும் சோதனை அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. இன்னொன்றும் கேட்கிறேன். மூலங்களையே கேட்டால் காரணியா சூத்திரமா என்று எப்படி முடிவு செய்வது? காரணி கிடைக்குமா என்று தேடிக்கொண்டே இருப்பதில்தான் அவளுக்கு நேரம் போகிறது.

பழைய_வாத்தியார்

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. 6x² − 7x − 20 = 0 ஐ எடுத்துக்கொள்வோம். 6 × (−20) = −120. பெருக்கற்பலன் எதிர்க்குறியில் இருப்பதால் இரண்டு எண்களில் ஒன்று மிகை, மற்றொன்று குறை. அப்படியானால் குறியை மறந்துவிட்டு, பெருக்கினால் 120, வித்தியாசம் 7 வரும் இரு எண்களைத் தேடினால் போதும். 10, 12 இல் தொடங்குங்கள். வித்தியாசம் 2, போதாது. விரித்துக்கொண்டே போங்கள். 8, 15. வித்தியாசம் 7. கிடைத்துவிட்டது. நடு உறுப்பின் குறி பெரிய எண்ணுக்குப் போகும்: −15, +8.

6x² − 15x + 8x − 20 = 3x(2x − 5) + 4(2x − 5) = (2x − 5)(3x + 4)

மூலங்கள் 5/2, −4/3.

பெரும்பாலான பிள்ளைகள் 1 × 120, 2 × 60 என்று ஓரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நடுவிலிருந்து தொடங்கினால் நமக்கு வேண்டிய வித்தியாசத்தைத் தாண்டியவுடன் நிறுத்திவிடலாம். வித்தியாசம் 7 க்குப் பதில் நமக்கு வேண்டியது 9 என்றிருந்தால், 8, 15 க்கு அடுத்த இணை 6, 20, வித்தியாசம் 14. இடையில் வேறு இணை இல்லை. ஆக முழு எண்களில் காரணி இல்லை என்று அங்கேயே உறுதி. தேடுவது எப்போது முடியும் என்று தெரிந்தால் பதற்றம் வராது.

எண்கள் பெரிதாக இருந்து இணைகள் கண்ணில் படவில்லையென்றால் b² − 4ac ஐக் கணக்கிடுங்கள். இங்கே 49 + 480 = 529 = 23². முழு வர்க்கம், எனவே காரணி உண்டு. ஆனால் 23 கைக்கு வந்த பிறகு மறுபடி காரணி தேடப் போகக் கூடாது. (7 ± 23)/12 என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். தன்மைக்காட்டியைக் கணக்கிட்டு, முழு வர்க்கம் என்று கண்டு மகிழ்ந்து, திரும்பவும் நடு உறுப்பைப் பிரிக்கப் போகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாழினி_கணிதம்

ஐயா சொன்னதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். முழு வர்க்கச் சோதனை, கெழுக்கள் எல்லாம் முழு எண்களாக (அல்லது பின்னங்களாக) இருந்தால் மட்டுமே நம்பத்தக்கது. வர்க்கமூலம் கெழுவிலேயே இருந்தால் இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

x² − (√3 + 1)x + √3 = 0 ஐப் பாருங்கள். தன்மைக்காட்டி 4 − 2√3. இதைப் பார்த்து முழு வர்க்கம் இல்லை என்று சூத்திரத்துக்குப் போனால் √(4 − 2√3) என்று வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம் வந்து நிற்கும். ஆனால் சமன்பாட்டையே உற்றுப் பார்த்தால், கூடுதல் √3 + 1, பெருக்கற்பலன் √3. மூலங்கள் √3, 1 என்று எழுதாமலே தெரிகிறது.

மறுபக்கம் x² − 2√2 x + 1 = 0. தன்மைக்காட்டி 8 − 4 = 4, அழகான முழு வர்க்கம். ஆனால் மூலங்கள் √2 + 1, √2 − 1. நடு உறுப்பைப் பிரிக்க உட்கார்ந்தால் சுலபத்தில் கண்ணில் படாது. இங்கே சூத்திரம்தான் வேகம்.

சூத்திரமே_துணை

நான் சொன்னதையே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். கடைசியில் சூத்திரம்தானே காப்பாற்றுகிறது?

யாழினி_கணிதம்

இரண்டாவதில் காப்பாற்றியது அண்ணா. முதலாவதில் மாட்டிவிட்டது.

வங்கித்_தேர்வர்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வங்கித் தேர்வுக்குத் தயாராகிறேன். அங்கே இரண்டு சமன்பாடுகள் கொடுத்து x பெரியதா y பெரியதா என்று கேட்பார்கள். ஒரு கணக்குக்கு அரை நிமிடம் கூடக் கிடைக்காது. நான் எல்லாவற்றையும் காரணிப்படுத்தித்தான் செய்கிறேன். சூத்திரம் போட நேரம் இல்லை. அப்படியானால் எனக்குக் காரணி மட்டும் போதும் அல்லவா? எடுத்துக்காட்டாக x² + 9x + 20 = 0, y² − 7y + 10 = 0. x = −4, −5; y = 2, 5. எனவே x < y.

பழைய_வாத்தியார்

தம்பி, உங்கள் கேள்வி வேறு என்றாலும் அதற்கும் முதல் பதில் கடைசி வரியிலேயே இருக்கிறது. அவர்கள் மூலங்களைக் கேட்கவில்லை, ஒப்பீட்டைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் கொடுத்த கணக்கைத் தீர்க்கவே வேண்டாம். முதல் சமன்பாட்டில் பெருக்கற்பலன் +20, கூடுதல் −9. மூலங்கள் உண்டென்றால் இரண்டும் குறை எண். இரண்டாவதில் பெருக்கற்பலன் +10, கூடுதல் +7. இரண்டும் மிகை எண். x < y. பேனாவை எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இரண்டு சமன்பாடுகளிலும் பெருக்கற்பலன் குறை எண்ணாக இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு மூலம் மிகை, ஒரு மூலம் குறை. x இன் மிகை மூலம் y இன் குறை மூலத்தைவிடப் பெரியது. x இன் குறை மூலம் y இன் மிகை மூலத்தைவிடச் சிறியது. ஆக தொடர்பு சொல்ல முடியாது என்பதுதான் எப்போதும் விடை. எண்கள் என்னவாக இருந்தாலும் இது மாறாது.

மீதி வரும் வகைகளுக்குக் காரணிப்படுத்துங்கள். முக்கியமாக இரண்டிலும் எல்லா மூலங்களும் மிகை எண்கள் என்றால் குறி உதவாது, மதிப்பு வேண்டும்.

வங்கித்_தேர்வர்

இரண்டு பெருக்கற்பலனும் குறை என்றால் பார்த்தவுடன் குறித்துவிடலாம் என்பது எனக்குப் புதிது ஐயா. நன்றி.

அகில்_10ஆ

எனக்கும் ஒரு சந்தேகம். x² − kx + 18 = 0 இன் ஒரு மூலம் மற்றொன்றைப் போல் இரு மடங்கு எனில் k காண்க என்று வந்தது. நான் காரணிப்படுத்தினேன். 18 = 3 × 6, 6 என்பது 3 இன் இரு மடங்கு, எனவே k = 9. எங்கள் ஆசிரியர் ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார். காரணிப்படுத்தும் முறைக்கு மதிப்பெண் கிடையாதா?

பழைய_வாத்தியார்

முறைக்காகக் குறைக்கவில்லை தம்பி, விடை பாதிதான் இருக்கிறது. −3, −6 ஐப் பெருக்கினாலும் 18. −6 என்பது −3 இன் இரு மடங்குதான். அப்போது கூடுதல் −9, எனவே k = −9 உம் உண்டு.

k தெரியாத நிலையில் நீங்கள் காரணிப்படுத்தவில்லை, பொருத்தமான எண்ணை ஊகித்திருக்கிறீர்கள். மூலங்களை α, 2α என்று வைத்திருந்தால் 2α² = 18, α² = 9, α = ±3 என்று குறை எண் தானாகவே வந்திருக்கும். k = 3α = ±9. சமன்பாட்டிலேயே தெரியாத கெழு இருந்து, மூலங்களுக்கிடையே ஓர் உறவும் சொன்னால் கூடுதல்–பெருக்கற்பலன்தான் வழி.

யாழினி_கணிதம்

ஐயாவின் இடம் மாற்றும் சோதனைக்குத் திரும்புகிறேன். சோதனையில் தேறாத கோவைக்கும் சில சமயம் மூலங்கள் தேவைப்படுவதில்லை. x² − 5x + 3 = 0 இன் மூலங்கள் α, β. α² + 5β எவ்வளவு?

இடம் மாற்றினால் β² + 5α. பார்வைக்கு வேறு. சோதனையை அப்படியே நம்பினால் சூத்திரத்துக்குப் போய் √13 ஐ வர்க்கப்படுத்த வேண்டும். ஆனால் α ஒரு மூலம் என்பதால் அது சமன்பாட்டை நிறைவு செய்கிறது: α² = 5α − 3. அதைப் பிரதியிட்டால் 5α − 3 + 5β = 5(α + β) − 3 = 25 − 3 = 22.

எனவே முதலில் படியைக் குறைக்க வேண்டும், அதன் பிறகு சோதிக்க வேண்டும். α² + 4β என்று கேட்டிருந்தால் 5α + 4β − 3 = 17 + α என்று வரும். α தனியாக நிற்கிறது. அங்கே மூலத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். எது α என்று சொல்லாவிட்டால் விடையும் இரண்டு.

பழைய_வாத்தியார்

சரியான திருத்தம். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என் சோதனை பிள்ளைகளை வீணாகச் சூத்திரத்துக்கு அனுப்பியிருக்கும்.

மீனா_தேனி

இதையொட்டி ஒன்று கேட்கிறேன். அதே 3x² − 7x + 1 = 0 க்கு α − β கேட்டால்? மகள் (α − β)² = (α + β)² − 4αβ = 49/9 − 12/9 = 37/9 என்று எழுதி, α − β = √37/3 என்று முடித்தாள். விடைத்தாளில் அப்படி எழுதலாமா, ± போட வேண்டுமா?

சூத்திரமே_துணை

± வேண்டாம். பெரிய மூலத்தை α என்று எடுப்பதுதான் வழக்கம்.

யாழினி_கணிதம்

அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எனக்குத் தெரியாது. கேள்வியில் α > β என்று இருந்தால் √37/3. இல்லாவிட்டால் ±√37/3. இடம் மாற்றினால் குறி மாறுகிறதே, அதுதான் அடையாளம். α² − β² க்கும் இதேதான். (7/3) × (±√37/3).

சூத்திரமே_துணை

திருத்துகிறவரின் விடைக்குறிப்பில் மிகை மதிப்பு மட்டும் இருந்தால் ± போட்டவருக்கு மதிப்பெண் போகுமே?

பழைய_வாத்தியார்

கணிதப்படி யாழினி சொல்வதுதான் சரி. நான் திருத்திய காலத்தில் ± எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். எல்லோரும் கொடுத்தார்களா என்றால் இல்லை. "α > β எனில் √37/3, இல்லையெனில் −√37/3" என்று எழுதச் சொல்லுங்கள். அதை யாரும் அடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அகில்_10ஆ

சொற்கணக்கில் என்ன செய்வது? 180 கி.மீ. தூரத்தை ஒரு ரயில் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 15 கி.மீ. கூடினால் ஒரு மணி நேரம் குறையும். x² + 15x − 2700 = 0 வரை வந்துவிட்டேன். 2700 க்கு எத்தனை இணைகள்! சூத்திரம் போட்டால் √11025. கணிப்பானும் கிடையாது.

பழைய_வாத்தியார்

நடுவிலிருந்து தேடச் சொன்னேன் அல்லவா? 2700 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 52. வேண்டிய வித்தியாசம் 15. அதில் பாதி 7½. 52 இலிருந்து இரு பக்கமும் 7½ தள்ளினால் 44½, 59½. பக்கத்திலிருக்கும் முழு எண்கள் 45, 60. பெருக்கிப் பாருங்கள், 2700. நடு உறுப்பு +15x என்பதால் (x + 60)(x − 45) = 0. வேகம் குறை எண்ணாக இருக்காது, எனவே 45 கி.மீ.

சரிபார்க்கச் சமன்பாட்டில் பிரதியிட வேண்டாம், கணக்கிலேயே பிரதியிடுங்கள்: 180/45 = 4 மணி, 180/60 = 3 மணி. சமன்பாட்டையே தப்பாக அமைத்திருந்தால் அதில் பிரதியிட்டுப் பார்ப்பது அந்தத் தப்பைக் காட்டாது.

சூத்திரமே_துணை

ஐயா, 52 இலிருந்து 7½ தள்ளுவது என்பதே சூத்திரம்தானே! −b/2 என்பது −7½. √(2700 + 56¼) = 52½. அதிலிருந்து 7½ கழித்தால் சரியாக 45, கூட்டினால் 60. காரணி என்ற பெயரில் சூத்திரத்தைத்தான் போட்டிருக்கிறீர்கள்.

பழைய_வாத்தியார்

ஆமாம், அதில் மறுப்பில்லை. தோராயமாகப் போட்டு முழு எண்ணில் உட்கார வைத்திருக்கிறேன். 11025 இன் வர்க்கமூலம் 105 என்று கண்டுபிடிக்க அகிலுக்கு ஆகும் நேரத்தை அது மிச்சப்படுத்துகிறது.

மீனா_தேனி

மகள் இன்று தானாகவே ஒன்று போட்டுப் பார்த்தாள். x² + x + 3 = 0 க்கு α² + β² கண்டாள்: (−1)² − 2(3) = −5. இரண்டு வர்க்கங்களின் கூடுதல் எப்படிக் குறை எண்ணாகும் என்று கேட்கிறாள். கணக்கு தப்பா?

யாழினி_கணிதம்

தப்பில்லை அக்கா. 1 − 12 = −11, தன்மைக்காட்டி குறை எண். மெய்யெண்களில் இதற்கு மூலம் இல்லை. கூடுதல், பெருக்கற்பலன் சூத்திரங்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் விடை தரும். −5 என்று எழுதலாம்.

ஆனால் அவள் சந்தேகப்பட்டது நல்லது. மூலங்கள் மெய் என்று கேள்வியிலேயே சொல்லியிருந்து α² + β² குறை எண்ணாக வந்தால், பெருக்கற்பலனின் குறி மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். x² + x − 3 = 0 ஆக இருந்திருந்தால் 1 + 6 = 7 வந்திருக்கும்.

சூத்திரமே_துணை

இதில் சூத்திரம் போட்டிருந்தால் வர்க்கமூலத்துக்குள் −11 ஐப் பார்த்து முதல் வரியிலேயே தெரிந்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.